விடுப்பில் இருக்கும்போது வரும் "ஐந்து நிமிட" அழைப்பு

மனிதவளத் துறையில் இருக்கும் எனக்கு வரும் முறையீடுகளில் ஒரு வகை மட்டும் எப்போதும் தாமதமாகவே வந்து சேர்கிறது. விடுப்பில் இருந்தபோது மேலாளர் கூட்டங்களுக்கு அழைத்ததையும், செய்திகளுக்குப் பதில் கேட்டதையும் பற்றி ஊழியர்கள் சொல்ல வருவது விடுப்பு முழுவதும் கரைந்துபோன பிறகுதான். அப்போது நான் முதலில் கேட்பது, அந்த முதல் செய்திக்கு அவர்கள் என்ன பதில் அனுப்பினார்கள் என்பதை. பெரும்பாலும் பிந்தைய நாட்கள் எப்படிப் போயின என்பதற்கான விடை அந்த ஒரு பதிலிலேயே இருக்கும்.

கணக்குப் பிரிவில் பணிபுரியும் ஒருவரின் அனுபவத்தை, அடையாளங்களை நீக்கிச் சொல்கிறேன். எட்டு வேலை நாட்களுக்கான அவருடைய விடுப்பு மூன்று வாரங்களுக்கு முன்பே அனுமதிக்கப்பட்டிருந்தது. மூன்றாம் நாள் காலை மேலாளரிடமிருந்து, "வாடிக்கையாளர் ஒரு சந்தேகம் கேட்கிறார், ஐந்து நிமிடம் அழைப்பில் சேர முடியுமா?" என்று செய்தி வந்தது. அவரும் சேர்ந்தார். வாடிக்கையாளரின் சந்தேகம் உண்மையிலேயே ஐந்து நிமிடத்தில் தீர்ந்தது. ஆனால் கூட்டம் ஐம்பது நிமிடம் நீண்டது, பேச்சு அடுத்த காலாண்டுக்குப் போனது, முடிவில் இரண்டு வேலைகள் அவர் பெயரில் எழுதப்பட்டன. மறுநாள், "நேற்றுப் பேசியது என்ன ஆயிற்று?" என்று கேள்வி வந்தது. ஆறாம் நாளிலிருந்து யாரும் கேட்காமலேயே காலையில் மடிக்கணினியைத் திறந்து பார்க்கத் தொடங்கிவிட்டார்.

பிறகு மேலாளரிடம் பேசியபோது அவர், "அவர்தானே சேர்ந்தார், சிரமம் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே" என்றார். அதில் பாசாங்கு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஊழியர் தன் ஒப்புதலை ஒரு நாளைய விதிவிலக்காக நினைத்திருந்தார். மேலாளரோ, இந்த விடுப்பில் இவரை அழைக்கலாம் என்ற தகவலாக அதை எடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த முதல் செய்தியை நானும் அந்த ஊழியரும் மீண்டும் படித்துப் பார்த்தோம். மேலாளருக்கு அன்று தேவைப்பட்டது, ஒரு தள்ளுபடித் தொகை எப்படிக் கணக்கிடப்பட்டது என்ற விவரம் மட்டுமே. அது கோப்பில் இருந்தது, அதை விளக்கத் தெரிந்த சக ஊழியரும் அலுவலகத்தில் இருந்தார். கூட்டத்தில் சேருங்கள் என்ற அழைப்புக்குள் எந்தத் தகவல் தேவைப்படுகிறது என்பதைப் பிரித்து, அது கிடைக்கும் வழியைக் காட்டிவிட்டு, கூட்டத்தை மட்டும் மறுப்பதே மென்மையான மறுப்பு என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன். அன்று அவர் அனுப்பியிருக்கக்கூடிய பதிலைச் சேர்ந்து எழுதினோம்:

"வணக்கம். நான் 18-ஆம் தேதி வரை விடுப்பில் இருப்பதால் கூட்டத்தில் சேர இயலாது. வாடிக்கையாளர் கேட்கும் கணக்கு, நான் ஒப்படைத்த கோப்பின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. என் பொறுப்பைப் பார்த்துக்கொள்பவர் அதை விளக்குவார். இன்னும் ஏதேனும் மீதமிருந்தால் 19-ஆம் தேதி காலை முதல் வேலையாக முடித்துத் தருகிறேன்."

இதில் இல்லாத இரண்டைக் கவனிக்க வேண்டும். முதலாவது, காரணம். விடுப்பு ஏற்கெனவே அனுமதிக்கப்பட்டது, அதற்கு மேல் காரணம் தேவையில்லை. காரணம் சொன்னால் அது பேரத்துக்கு வழிவிடும். பயணத்தில் இருக்கிறேன் என்றால் எப்போது போய்ச் சேருவீர்கள் என்ற கேள்வி வரும், வீட்டில் விசேஷம் என்றால் மாலையில் ஓய்வாகத்தானே இருப்பீர்கள் என்பார்கள். இரண்டாவது, மன்னிப்பு. "மிகவும் வருந்துகிறேன், தவறாக எண்ண வேண்டாம்" என்று தொடங்கும் பதில், செய்யக்கூடாத ஒன்றைச் செய்கிறோம் என்று நாமே ஒப்புக்கொள்வதாகிவிடுகிறது. "வணக்கம்" என்ற சொல்லும், தகவல் இருக்கும் இடத்தைச் சரியாகச் சொல்லும் அக்கறையுமே மரியாதைக்குப் போதுமானவை.

மூன்றாவதாக ஒரு சொல்லையும் வேண்டுமென்றே தவிர்த்தோம். அது "பார்க்கிறேன்". நம் பேச்சில் "பார்க்கிறேன்" என்பது பெரும்பாலும் முகம் கோணாமல் மறுக்கும் வழி. சொல்பவர் மறுத்துவிட்டதாகவே நினைத்துக்கொள்கிறார். அவசரத்தில் இருக்கும் மேலாளரின் காதில் அது சம்மதமாக விழுகிறது. "முயற்சி செய்கிறேன்", "நெட்வொர்க் கிடைத்தால் சேர்கிறேன்" ஆகியவையும் இதே வகைதான். பதினொரு மணிக்கு உங்களுக்காகக் கூட்டத்தில் நான்கு பேர் காத்திருந்து, நீங்கள் வராமல் போனால், அது நேரடியான மறுப்பைக் காட்டிலும் கசப்பாக முடியும். "இயலாது" என்று சொல்வது கேட்பவருக்கும் உதவி, ஏனெனில் அவர் உடனே வேறு வழி தேடுவார்.

பதிலே அனுப்பாமல் இருந்துவிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். மின்னஞ்சலில் தானியங்கிப் பதில் வைத்திருந்தால் அதுவே போதும் என்பேன். குறுஞ்செய்திச் செயலிகளில் நிலைமை வேறு: செய்தி படிக்கப்பட்டதற்கான குறியும், நீங்கள் இணைப்பில் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளியும் உங்களுக்காகப் பேசிக்கொண்டிருக்கும். பார்த்துவிட்டும் பதில் இல்லை என்ற எரிச்சலை வளரவிடுவதைவிட, ஒரே ஒரு தெளிவான பதில் நல்லது. அதன் பிறகு அந்த உரையாடலைத் தொடர வேண்டாம். மீண்டும் கேட்டால் புதிய விளக்கம் தேடாமல், முன்பு எழுதியதையே இன்னும் சுருக்கமாகத் திரும்ப எழுதலாம். ஒவ்வொரு முறையும் புதிய விளக்கம் தந்தால், முந்தையது போதவில்லை என்று ஆகிவிடும்.

இந்தப் பதிலை அனுப்ப முடிவதற்குக் கோப்பும், பொறுப்பேற்றவரும் முன்பே தயாராக இருக்க வேண்டும் என்பது உண்மைதான். பொறுப்பை ஒப்படைக்காமல் போய்விட்டு, அழைத்தார்கள் என்று வருந்துபவர்களின் பக்கம் என்னால் முழுமையாக நிற்க முடிவதில்லை. உங்கள் ஒருவரிடம் மட்டும் இருக்கும் கடவுச்சொல்லும், உங்கள் ஒருவரால் மட்டும் தர முடிகிற ஒப்புதலும் விடுப்பில் உங்களைத் தேடி வரத்தான் செய்யும். எனவே ஒப்புதல் உரிமையை அந்த நாட்களுக்கு இன்னொருவருக்கு மாற்றித் தருவதும், நாட்காட்டியில் வாரந்தோறும் திரும்ப வரும் கூட்டங்களில் விடுப்பு நாட்களுக்கு உரியவற்றை ஒவ்வொன்றாக மறுத்து வைப்பதும் கிளம்புவதற்கு முன் முடிக்க வேண்டியவை. மறுக்காமல் விட்ட அழைப்பில் உங்கள் பெயர் வருவோர் பட்டியலிலேயே இருக்கும்.

ஆனால் கோப்பைவிட அதிகம் உதவுவது, கிளம்புவதற்கு முந்தைய வாரத்தில் மேலாளரிடம் நேரில் கேட்கும் ஒரு கேள்விதான்: "எது நடந்தால் என்னை அழைக்க வேண்டியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்?" இப்படிக் கேட்டால் நீண்ட பட்டியல் வரும் என்று பயப்படுவார்கள். அமைதியான நேரத்தில் கேட்கும்போது பெரும்பாலானோர் ஒன்று அல்லது இரண்டு நிகழ்வுகளுக்கு மேல் சொல்வதில்லை. அவற்றைக் குறித்துக்கொண்டு, "அப்படி நடந்தால் தொலைபேசியில் அழையுங்கள், செய்திகளையும் மின்னஞ்சலையும் நான் பார்க்க மாட்டேன்" என்று சொல்லி, அதையே இரண்டு வரி மின்னஞ்சலாக அனுப்பிவிட வேண்டும். செய்தி அனுப்புவது எளிது, அதனால் யோசிக்காமல் அனுப்பிவிடுவார்கள். ஒருவரை அவருடைய விடுப்பில் தொலைபேசியில் அழைப்பதற்கு முன் மேலாளர் ஒரு கணம் தயங்குவார், அந்தத் தயக்கத்திலேயே பல கேள்விகள் உதிர்ந்துவிடும். உங்களுக்கோ, எதையாவது தவறவிட்டோமோ என்று செய்திகளைத் திறந்து பார்க்கும் அவசியம் இல்லாமல் போகும். விடுப்பைக் கெடுப்பதில் அழைப்புகளைவிட, வந்திருக்குமோ என்று பார்த்துக்கொண்டே இருப்பதற்குப் பங்கு அதிகம்.

தானியங்கிப் பதிலில் "அவசரமென்றால் என்னைத் தொடர்புகொள்ளவும்" என்றோ, "அவ்வப்போது மின்னஞ்சல் பார்ப்பேன்" என்றோ எழுதாதீர்கள். அனுப்புபவர் ஒவ்வொருவருக்கும் அவருடைய காரியம் அவசரம்தான்.

உண்மையான அவசரம் எது என்பதில் குழப்பம் வரும்போது, ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த, பணிநேரத்துக்கு வெளியே வரும் தொடர்புகளை மறுக்கும் உரிமை பற்றிய சட்டம் எனக்குப் பயன்படுகிறது. அச்சட்டம் மறுப்பை எல்லாச் சூழலிலும் ஏற்பதில்லை. தொடர்புகொண்டதற்கான காரணம், எந்த வழியில் தொடர்புகொண்டார்கள், அதனால் எவ்வளவு இடையூறு, அதற்கு ஈடு ஏதும் தரப்படுகிறதா, ஊழியரின் பொறுப்பு நிலை, அவருடைய குடும்பச் சூழல் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தே மறுப்பு நியாயமானதா என்று முடிவு செய்யச் சொல்கிறது. அந்தச் சட்டம் பொருந்தாத இடத்தில் இருப்பவரும் இதே கேள்விகளைத் தமக்குள் கேட்டுப் பார்க்கலாம். ஊதியம் அனுப்பும் நாளில், உங்களுக்கு மட்டுமே தெரிந்த ஒரு படி தடைபட்டு நிற்கிறது என்றால், எந்த எல்லையையும் காட்டாமல் உதவுவதே சரி. அப்போதும் நேரத்தை நீங்கள் சொல்லுங்கள்: "நான்கு மணிக்கு அழைக்கிறேன், பதினைந்து நிமிடம் இருப்பேன்." அரை நாள் வேலையாகவே ஆகிவிட்டால், அதை விடுப்புக் கணக்கில் திருப்பித் தருமாறு திரும்பி வந்த வாரத்திலேயே எழுதிக் கேளுங்கள். பணம் பெரிதல்ல என்று இதை விட்டுவிடுபவர்கள் அதிகம். என் அனுபவத்தில், கணக்கில் ஏறிய அரை நாள் மேலாளரை அடுத்த முறை யோசிக்க வைத்திருக்கிறது.

மருத்துவ விடுப்பு இதிலிருந்து வேறுபட்டது. வேலை செய்யும் நிலையில் இல்லை என்று மருத்துவர் சான்றளித்த காலத்தில் கூட்டங்களில் பேசியதற்கும், கோப்புகளைத் திருத்தியதற்கும் பதிவு இருந்தால், பிற்பாடு அந்த விடுப்பின் உண்மைத்தன்மையே கேள்விக்குள்ளாகலாம். "மருத்துவ விடுப்பில் இருப்பதால் வேலை செய்ய எனக்கு அனுமதியில்லை" என்ற ஒரு வரி இங்கே போதும், நோயின் விவரம் தேவையில்லை. உங்கள் பதிலை உங்கள் மேலாளர் ஏற்கவில்லை என்றால், இந்த விடுப்பில் மட்டும் திரும்பி வரும்வரை காத்திராமல் அப்போதே மனிதவளத் துறைக்குத் தெரிவித்துவிடுவது நல்லது.

மற்ற விடுப்புகளில், முதல் செய்திக்கே மனிதவளத் துறைக்கு நகல் வைப்பதை நான் ஊக்குவிப்பதில்லை. அதனால் ஒரு சாதாரணக் கேள்வி வழக்காக மாறிவிடும். விடுப்பின் நடுவே கொள்கை பேசுவதும் பயன் தராது. திரும்பி வந்து இரண்டொரு நாளில், "விடுப்பின்போது நான்கு முறை அழைப்பு வந்தது, மூன்றுக்கு விடை கோப்பிலேயே இருந்தது. அடுத்த முறை ஒப்படைப்பில் எதைச் சேர்த்தால் உங்களுக்கு வசதியாக இருக்கும்?" என்று எண்ணிக்கையோடு கேட்டுப் பாருங்கள். தேதிகளையும் நேரங்களையும் அதற்காகவே குறித்து வைத்திருக்க வேண்டும். இதன் பிறகும் அடுத்த விடுப்பில் அதே போல நடந்தாலோ, அழைப்பை மறுத்தது மதிப்பீட்டில் "ஒத்துழைப்புக் குறைவு" என்று எழுதப்பட்டாலோ, அந்தக் குறிப்புகளையும், கிளம்புமுன் அனுப்பிய இரண்டு வரி மின்னஞ்சலையும் எடுத்துக்கொண்டு எங்களிடம் வாருங்கள். அவை இருந்தால், உங்கள் மேலாளர் எந்த நாளில் எதைக் கேட்டார், நீங்கள் என்ன பதில் தந்தீர்கள் என்பதிலிருந்தே எங்களால் பேச்சைத் தொடங்க முடியும்.