ஃபிரிட்ஜில் கேஸ் தீர்ந்துபோகுமா?

பள்ளிகளில் ஃபிரிட்ஜ் பற்றிப் பேசக் கூப்பிட்டால், எடுத்ததும் பிள்ளைகளின் புறங்கையில் ஒரு சொட்டு சானிடைசர் விட்டு ஊதச் சொல்வேன். ஜில்லென்று இருக்கும். சானிடைசர் பாட்டிலோ வெயிலில் கிடந்தது, அதில் குளிர்ச்சி ஏது? அந்தச் சொட்டு ஆவியாக வெப்பம் தேவை. அதை உங்கள் தோலிலிருந்து எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். ஃபிரிட்ஜும் குளிரைத் தயாரிப்பதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்ப் போடுகிறது.

சானிடைசர் காற்றோடு போய்விடும். ஃபிரிட்ஜில் ஆவியாகும் பொருள் மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றுகிறது. இப்போது வரும் வீட்டு ஃபிரிட்ஜ்கள் பெரும்பாலானவற்றில் அது ஐசோபியூட்டேன். பின்பக்க ஸ்டிக்கரில் R600a என்று போட்டிருக்கும். சாதாரணக் காற்றழுத்தத்தில் இது −12 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தத்தை இன்னும் குறைத்தால் −20 டிகிரியிலும் கொதிக்கும். ஃப்ரீசர் தகட்டுக் குழாய்க்குள் நடப்பது இதுதான். கொதிக்கும்போது உள்ளே உள்ள பால், குழம்பு, தண்ணீர் பாட்டிலின் வெப்பத்தை அது வாங்கிக்கொள்கிறது.

அப்புறம் கம்ப்ரசர் அந்த ஆவியை உறிஞ்சி அமுக்கும். குக்கரில் அழுத்தம் ஏறினால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும், இல்லையா? அதே விதிதான். காற்றழுத்தத்தைப் போல ஆறு மடங்கு அமுக்கினால், இந்த கேஸ் 45 டிகிரிச் சூட்டிலேயே மறுபடி திரவமாகிவிடும். அப்படி ஆகும்போது, வாங்கிய வெப்பத்தை வெளியே விடும். ஓடிக்கொண்டிருக்கும் ஃபிரிட்ஜின் பக்கவாட்டைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். பழைய மாடலில் பின்னால் கறுப்புக் கம்பி வலை சுடும். திரவமானது மயிர்போல் மெல்லிய துளையுள்ள கேப்பில்லரி குழாய் வழியாகத் திரும்ப ஃப்ரீசருக்குப் போகும். அங்கே அழுத்தம் சட்டென்று விழும், மறுபடி கொதிக்கும்.

இனி ஒரு சின்னக் கணக்கு. 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரை 5 டிகிரிக்குக் கொண்டுவர 105 கிலோஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். ஒரு கிராம் ஐசோபியூட்டேன் கொதிக்கும்போது ஏறக்குறைய 350 ஜூல் வாங்கும். ஆக, குறைந்தது 300 கிராம் கொதிக்க வேண்டும். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் இருப்பதோ 40 கிராம் அளவுதான். அந்த ஒரு பாட்டிலுக்காக அது ஏழெட்டு முறை சுற்றி வரணும். வருகிறது, வருடக்கணக்காக வருகிறது. ஒரு துளிகூடச் செலவாவதில்லை.

அதனால், "கேஸ் தீர்ந்துபோச்சு, ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் நிரப்பணும்" என்று யாராவது வீட்டில் சொன்னால் நம்பாதீர்கள். கேஸ் குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. கண்டுபிடிப்பதும் எளிது: கம்ப்ரசர் நிற்காமல் ஓடும், ஆனால் ஃப்ரீசரில் பனி பிடிக்காது, பக்கவாட்டிலும் சூடு இருக்காது. உணவு கெடாமல் இருக்க உள்ளே 5 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அந்தக் குளிரில் கிருமிகள் சாவதில்லை, மெதுவாகத்தான் பெருகும். குளிர் போய்விட்டால் பழைய வேகத்துக்கு வந்துவிடும். காலையிலிருந்து குளிராத ஃபிரிட்ஜில் இருந்த மீன்குழம்பை முகர்ந்து பார்த்துச் சாப்பிடுவது சரியல்ல.

ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் நான் அடிக்கடி பார்க்கும் ஓட்டை கத்தி போட்டது. ஃப்ரீசரில் பனி கட்டிவிட்டது, ஐஸ் ட்ரே ஒட்டிக்கொண்டது, கத்தியால் நெம்பினார்கள். அந்த அலுமினியத் தகட்டுக்குள்தான் கேஸ் ஓடும் பாதை இருக்கிறது, தோலும் மெல்லிசு. ஃபிரிட்ஜை அணைத்துவிட்டுக் குத்தினால் 'உஸ்' என்று சத்தம் வரும். ஓடும்போது குத்தினால் சத்தமே வராமல் போகலாம். அப்போது ஃப்ரீசர் குழாயின் அழுத்தம் வெளிக் காற்றைவிடக் குறைவு. கேஸ் வெளியே வருவதற்குப் பதிலாக, ஈரக் காற்று உள்ளே போகும். அது இன்னும் மோசம். அந்த ஈரம் கேப்பில்லரியின் முனையில் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

பனி கட்டினால் தெர்மோஸ்டாட் குமிழின் நடுவில் இருக்கும் டிஃப்ராஸ்ட் பட்டனை அமுக்குங்கள். பட்டன் இல்லாவிட்டால் பிளக்கைப் பிடுங்கிக் கதவைத் திறந்து வையுங்கள், கரையட்டும். 'உஸ்' சத்தம் கேட்டுவிட்டால் ஐசோபியூட்டேன் தீப்பிடிக்கும் என்பது நினைவிருக்கட்டும். அடுப்பை அணையுங்கள், ஜன்னலைத் திறங்கள், பக்கத்தில் எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள், பெரியவர்களைக் கூப்பிடுங்கள்.

மெக்கானிக் வந்ததும் நேரே கேஸ் சிலிண்டரை எடுத்தால், ஓட்டை எங்கே என்று முதலில் கேளுங்கள். ஓட்டையை அடைத்து, குழாயில் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் ஃபில்டர் டிரையரை மாற்றி, வேக்குவம் பம்ப் போட்டுக் காற்றையும் ஈரத்தையும் இழுத்து, ஸ்டிக்கரில் உள்ள கிராம் அளவைத் தராசில் பார்த்துத்தான் கேஸ் ஏற்ற வேண்டும்.