பிரேக் ஈவன்: டீக்கடையில் அதற்கு என்ன பெயர்?

திண்டுக்கல் பக்கம் ஒரு பேருந்து நிறுத்தத்தை ஒட்டி டீக்கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர், கடன் விண்ணப்பத்தோடு என்னிடம் வந்தார். எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டார். ஒன்று மட்டும் காலியாக இருந்தது. "அண்ணே, இந்த பிரேக் ஈவன் பாயிண்ட்னு கேட்டிருக்கானே, அப்படின்னா என்ன?" என்றார்.

ஒரு நாளைக்கு எத்தனை டீ விற்றால் நட்டம் இல்லாமல் கடையை மூடலாம் என்பதுதான் அந்தக் கட்டம் கேட்கும் கேள்வி. அவர் தினமும் மனசுக்குள் போட்டுப் பார்க்கிற கணக்குதான். பெயர் புரியாததால் அந்தக் கட்டம் காலியாகக் கிடந்தது.

முதலில் சொல்லைப் பார்த்துவிடலாம். ஈவன் என்றால் சமம், மேடு பள்ளம் இல்லாதது. பிரேக் என்பதை இங்கே உடைப்பது என்றோ, வண்டியை நிறுத்துவது என்றோ எடுத்துக்கொள்ளக் கூடாது. கடைசியில் கணக்கு எப்படி வந்து முடிந்தது என்பதைத்தான் அது குறிக்கிறது. போட்டதும் வந்ததும் சமமாக முடிந்தால் பிரேக் ஈவன். இதைத் தொழிற்சாலைக் கணக்கில் ஒரு வரைபடமாகப் பரப்பியவர்களில் முக்கியமானவர், அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த வால்ட்டர் ரௌட்டன்ஸ்ட்ராக். அந்த வரைபடத்தில் செலவுக்கு ஒரு கோடு, விற்பனைக்கு ஒரு கோடு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் அந்தப் புள்ளி. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் இதற்கு வழங்கும் சொற்களை நேராகச் சொன்னால் 'செத்த புள்ளி' என்று வரும். இயந்திரத்தில் பிஸ்டன் எந்தப் பக்கமும் தள்ளாமல் நிற்கும் இடத்துக்கும் அங்கே அதே பெயர்தான். லாபமும் தள்ளவில்லை, நட்டமும் இழுக்கவில்லை என்பது அதன் பொருள்.

தமிழில் 'இலாப நட்டமற்ற புள்ளி' என்று பாடநூலில் எழுதுகிறோம். பொருள் சரி. ஆனால் எது இல்லை என்று மட்டும்தான் இந்தப் பெயர் சொல்கிறது, எது நடந்தது என்று சொல்லவில்லை. 'சமநிலைப் புள்ளி' என்றும் எழுதுவதுண்டு. அதில் எனக்கு உடன்பாடு இல்லை. பொருளியலில் தேவையும் அளிப்பும் சந்திக்கும் இடத்துக்கு சமநிலை என்ற சொல் ஏற்கெனவே போய்விட்டது. இரண்டையும் ஒரே மாணவர் படிக்கும்போது குழம்பிவிடுவார்.

சரி, கடைக்காரர் வாயில் என்ன சொல் இருக்கிறது? அதைக் கண்டுபிடிக்க அந்தத் தம்பியின் கணக்கையே எடுத்துக்கொள்வோம்.

அவர் கடையில் டீ 12 ரூபாய். ஒரு லிட்டர் பாலில் கால் லிட்டர் தண்ணீர் சேர்த்துக் காய்ச்சுகிறார். கிளாஸில் கொஞ்சம் டிகாஷன், மேலே பால், சர்க்கரை, ஒரு ஆற்று. இப்படி லிட்டருக்கு 15 கிளாஸ் வருகிறது. பால் லிட்டர் 60 ரூபாய் என்றால் ஒரு கிளாஸுக்குப் பால் 4 ரூபாய். தூள் கிளாஸுக்கு 3 கிராம். கிலோ 300 ரூபாய் விலையில் அது 90 காசு. சர்க்கரை 10 கிராம், 45 காசு. இஞ்சி, ஏலக்காய், சிந்துவது, ராத்திரி மீந்து போகும் பால் எல்லாம் சேர்த்து 65 காசு. மொத்தம் 6 ரூபாய். விற்பது 12, போவது 6, நிற்பது 6.

இந்த 'நிற்பது' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். "ஒரு டீக்கு என்ன நிக்கும்?" என்றுதான் கடைக்காரர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். பாடநூல் இதற்குப் 'பங்களிப்பு' என்று பெயர் வைத்திருக்கிறது. இந்த 6 ரூபாய் லாபம் அல்ல. வாடகை, கூலி எல்லாவற்றுக்கும் இதிலிருந்துதான் கொடுத்தாக வேண்டும். இதையே லாபம் என்று நினைத்து சாயங்காலமே கல்லாவிலிருந்து எடுத்துச் செலவு செய்துவிட்டு, மாசக் கடைசியில் வாடகைக்கு ஓடியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, டீ விற்றாலும் விற்காவிட்டாலும் கொடுக்க வேண்டியவை. உதவிக்கு இருக்கும் பையனுக்கு நாள் கூலி 600. மின்சாரமும் தண்ணீர்க் கேனும் நாளுக்கு 80. கேஸையும் நான் இந்தப் பக்கம்தான் வைப்பேன். டீயின் எண்ணிக்கையோடு கேஸ் செலவு ஏறும் என்று பலர் எழுதுவார்கள். ஆனால் கடையில் ஒரு நாள் நின்று பாருங்கள். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் காலை நாலரை மணியிலிருந்து பாய்லருக்குக் கீழே அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறது. அவருக்கு 1,920 ரூபாய் சிலிண்டர் ஆறு நாள் வருகிறது. ஆக நாளுக்கு 320.

வாடகை மாதம் 9,000. தம்பி அதை 30 ஆல் வகுத்து 300 என்று எழுதியிருந்தார். இங்கேதான் பலருக்கும் கணக்கு நழுவும். ஞாயிற்றுக்கிழமை அவர் கடை கிடையாது. கடை திறப்பது 26 நாள், வாடகை கேட்பது முழு மாதத்துக்கு. அதனால் திறந்திருக்கும் ஒவ்வொரு நாளின் தலையிலும் 346 ரூபாய் விழுகிறது.

கூட்டினால் 600, 80, 320, 346. மொத்தம் 1,346. இதை 6 ஆல் வகுத்தால் 224-க்குக் கொஞ்சம் மேலே. அரை டீ விற்க முடியாது, ஆக 225 டீ. வாடகையை 30 நாளுக்குப் பிரித்திருந்தால் 217 என்று வந்திருக்கும். எட்டு டீ குறைவாகச் சொல்லி ஏமாந்திருப்பார்.

225-ஐ விண்ணப்பத்தில் எழுதிவிட்டோம். தம்பிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நான் முன்னூறு போடுறேண்ணே, அப்ப லாபம்தான்." நான் கேட்டேன்: "பையனுக்குக் கூலி எழுதினோம். பாய்லர் முன்னாடி பதினாலு மணி நேரம் நிற்கிற உனக்கு?" அவர் பதில் சொல்லவில்லை. அவர் நிற்கும் இடத்தில் ஒரு டீ மாஸ்டரை வைத்தால் அந்த ஊரில் நாளுக்கு 900 கொடுக்க வேண்டும். அதையும் சேர்த்தால் நாள் செலவு 2,246. 6 ஆல் வகுத்தால் 375 டீ.

225-க்கும் 375-க்கும் நடுவில்தான் நிறைய டீக்கடைகள் ஓடுகின்றன. நட்டம் இல்லை. ஆனால் முதலாளி, தானே வேறொரு கடையில் மாஸ்டராகப் போனால் கிடைக்கும் கூலியைவிடக் குறைவாகத்தான் வீட்டுக்கு எடுத்துப் போகிறார். முன்னூறு டீயில் தம்பிக்கு நின்றது 1,800. செலவு போக 454. மாஸ்டர் கூலியில் பாதிதான்.

இந்த இரண்டு இடங்களுக்கும் தமிழில் தனித்தனிப் பேச்சு இருக்கிறது என்பதுதான் நான் சொல்ல வந்தது. 'போட்ட காசு வந்துடுச்சு', 'முதலுக்கு மோசமில்ல' என்பது முதல் இடம். 'கட்டுபடியாகுது' என்பது இரண்டாவது. "இந்த விலைக்குக் கட்டுபடியாகாது" என்று ஒரு விவசாயி சொல்லும்போது விதைக்காசும் உரக்காசும் வரவில்லை என்று மட்டும் அவர் சொல்லவில்லை. உழைத்ததற்கும் சேர்த்து வரவில்லை என்கிறார். அதனால் கட்டுபடி என்பதை பிரேக் ஈவனுக்கு நேர்ச் சொல்லாக வைத்தால் தப்பாகிவிடும். அது அதற்கு மேலே இருக்கும் படி.

'முதல்' பழைய சொல். 'முதலிலார்க்கு ஊதியமில்லை' என்று தொடங்கும் குறளில் முதலும் ஊதியமும் அடுத்தடுத்து வருகின்றன. அங்கே ஊதியம் என்றால் லாபம். இன்று அதே சொல் வேலை செய்தவருக்குக் கொடுக்கும் சம்பளத்தைக் குறிக்கிறது. கடைக்காரர் தன் சம்பளத்தையும் லாபத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளும் இடத்தில் நிற்கும்போது, இந்தப் பொருள் மாற்றம் எனக்குத் தவறாமல் நினைவுக்கு வரும்.

பிரேக் ஈவனுக்கு என் தேர்வு 'ஈடுகட்டும் அளவு'. ஈடு என்றால் சமம், ஒப்பு. 'ஈடு இணை இல்லாதது' என்கிறோமே, அந்த ஈடு. இழந்ததை நிரப்புவதை ஈடுகட்டுவது என்கிறோம். செலவை விற்பனை ஈடுகட்டுகிறது என்று சொன்னால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. புள்ளி என்பதை விட்டுவிட்டேன், ஏனென்றால் அது வரைபடத்தில்தான் புள்ளி. கடையில் அது ஓர் அளவு: இத்தனை டீ, இத்தனை லிட்டர்.

லிட்டர் என்று சும்மா சொல்லவில்லை. டீக்கடையில் யாரும் கிளாஸை எண்ணுவதில்லை. "எத்தனை லிட்டர் ஓடுது?" என்பதுதான் கேள்வி. கடை கைமாறும்போது விலை பேசுவதும் லிட்டரை வைத்துத்தான். அதனால் 225 டீயை 15 ஆல் வகுத்து 15 லிட்டர் என்றும், 375-ஐ 25 லிட்டர் என்றும் தம்பியிடம் சொன்னேன். அப்போதுதான் அவருக்குக் கணக்கு கைக்கு வந்தது. அவர் கடையில் அன்று ஓடியது 20 லிட்டர்.

லிட்டரில் வைத்துக்கொண்டால் தப்பும் சீக்கிரம் தெரியும். ஒரு லிட்டர் பால் காலியானால் கல்லாவில் 180 ரூபாய் இருக்க வேண்டும். 20 லிட்டருக்கு 3,600. ராத்திரி எண்ணும்போது 3,200 இருந்தால் மூன்று இடத்தில் தேட வேண்டும்: கிளாஸில் கை தாராளமாகப் போயிருக்கும், பால் மீந்து திரிந்திருக்கும், இல்லையென்றால் கடன் நோட்டு. கடன் கொஞ்சம் கூடுதலாகவே கடிக்கும். வராமல் போன ஒரு டீக்காசு 12 ரூபாய். ஒரு டீக்கு நிற்பதோ 6 தான். அதை ஈடுகட்ட இரண்டு டீ விற்க வேண்டும்.

பால் விலை லிட்டருக்கு 3 ரூபாய் ஏறினால் கிளாஸுக்கு 20 காசுதானே என்று தோன்றும். நிற்பது 6-லிருந்து 5.80 ஆகிறது. கட்டுபடியாகும் அளவு 375-லிருந்து 388-க்குப் போகிறது. தினமும் 13 டீ அதிகம். தண்ணீரைக் கூட்டி லிட்டருக்கு 18 கிளாஸ் எடுத்தால் காகிதத்தில் அளவு இறங்கும். ஆனால் அந்த நிறுத்தத்தில் தினமும் நிற்கும் ஓட்டுநரும் நடத்துநரும் இரண்டாவது நாளே எதிர்க் கடைக்குப் போய்விடுவார்கள்.

போன மாதம் தம்பி மறுபடி வந்தார். இப்போது 24 லிட்டர் ஓடுகிறதாம். சாயங்காலக் கூட்டத்துக்கு இன்னொரு பையன் வைக்கலாமா என்று கேட்டார். முழு நாள் கூலி 600, ஒரு டீக்கு நிற்பது 6. "நூறு டீ"  என்று நான் சொல்வதற்குள் அவரே, "கிட்டத்தட்ட ஏழு லிட்டர் கூட ஓடணும்ணே. நாலு மணியிலிருந்து ஏழு மணி வரைக்கும் மட்டும் ஆள் கிடைக்குமான்னு பார்க்கிறேன்" என்றார்.