விழுந்த மாடு ஏன் எழவில்லை?

தாராபுரம் பக்கமிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் வீட்டுக் கலப்பினப் பசு ஒன்றை விற்றிருக்கிறார்கள். லாரியில் ஏற்றும்போது மாடுகளை நெருக்கி நெருக்கி நிறுத்தியதைப் பார்த்துப் பதறிப்போய்க் கேட்டதற்கு வியாபாரி சொன்ன பதில்: "இடம் விட்டா வண்டி குலுங்குறதுல விழுந்துடும் தம்பி. ஒண்ணுக்கொண்ணு முட்டுக் கொடுத்து நின்னாத்தான் விழாது." இது உண்மையா என்பது அவர் கேள்வி.

நல்ல கேள்வி. கேட்டவுடன் சரி என்றுதான் தோன்றும். நெரிசலான பேருந்தில் கம்பியைப் பிடிக்காமலே நின்றிருக்கிறோமே, யார் விழுந்தோம்? ஆனால் மாட்டுக்கு இது பொருந்தாது. காரணம் அதன் கால்களில் இருக்கிறது. இன்னும் முக்கியமாக, அது படுத்த இடத்திலிருந்து எழுந்திருக்கும் விதத்தில் இருக்கிறது.

முதலில் நிற்பதைப் பார்ப்போம். ஒரு பொருளின் எடை மையத்திலிருந்து நேர்கீழே இறங்கும் கோடு அதன் கால்களுக்கு நடுவே விழும்வரை அது சாயாது என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ஓடுகிற வண்டியில் பிரேக் போட்டால் அந்தக் கோடு முன்பக்கம் சரிகிறது, வளைவில் திரும்பினால் பக்கவாட்டில் சரிகிறது. மாட்டின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவே மூன்றடி இருக்கும், ஆனால் இடது காலுக்கும் வலது காலுக்கும் நடுவே ஓரடி சொச்சம்தான். அதனால் நீளவாக்கில் வரும் உலுக்கலை அது எளிதாகத் தாங்கிக்கொள்ளும், பக்கவாட்டில் வந்தால் தடுமாறும். இடம் கிடைத்தால் மாடுகள் வண்டி போகும் திசைக்கு இணையாகவோ குறுக்காகவோ நிற்கின்றன. மூலைவாட்டில் நிற்பதைத் தவிர்க்கின்றன.

ஆனால் இப்படி நிற்பது மட்டும் போதாது. உலுக்கல் பெரிதானால் மாடு ஒரு காலை எடுத்துச் சரியும் பக்கம் வைக்கிறது. நாமும் பேருந்தில் அதைத்தான் செய்கிறோம். மாட்டின் சமநிலை என்பதே இந்த ஓர் அடி எடுத்து வைப்பதுதான், அதற்குத் தரையில் குளம்பளவு காலியிடம் வேண்டும். நெருக்கி நிறுத்திய வண்டியில் அந்த இடத்தில் ஏற்கெனவே இன்னொரு மாட்டின் கால் இருக்கிறது. கம்பியைப் பிடிக்க மாட்டுக்குக் கையும் இல்லை. கால் வைக்க இடமில்லாத மாடு சாய்கிறது, பக்கத்து மாட்டின் மேல் முழு எடையையும் போடுகிறது, அதற்கும் கால் வைக்க இடமில்லை.

அயர்லாந்தில் டாரண்ட், கென்னி ஆகியோரின் குழு இதை வண்டியிலேயே வைத்துப் பார்த்தது. 1988-இலும் 1992-இலும் வெளியான ஆய்வுகள் அவை. இரண்டாவதில் காளைகளை வெவ்வேறு நெருக்கத்தில் ஏற்றி 24 மணி நேரம் சாலையில் கொண்டுபோனார்கள். மிக நெருக்கமாக ஏற்றிய காளைகள்தான் அதிகம் விழுந்தன. அவற்றின் உடலில்தான் கன்றிப்போன காயங்கள் அதிகம். தசை நசுங்கினால் ரத்தத்தில் கசியும் கிரியாட்டின் கைனேஸ் என்ற நொதியும் அவற்றில்தான் கூடுதல். முட்டுக் கொடுத்து நின்றால் விழாது என்ற நம்பிக்கைக்கு நேர்மாறான முடிவு இது. அதைவிட என் மனதில் தங்கிவிட்டது இன்னொன்று: நெருக்கத்தில் ஒருமுறை விழுந்த மாடு எழ முடியாமல் மற்றவற்றின் காலடியில் மாட்டிக்கொண்டது.

ஏன் எழ முடியவில்லை? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது.

மாடு வளர்த்தவர்கள் நினைவுபடுத்திப் பாருங்கள், வளர்க்காதவர்கள் அடுத்த முறை தெருவில் படுத்திருக்கும் மாடு எழும்போது நின்று பாருங்கள். குதிரை முன்னங்கால்களை நீட்டி ஊன்றி முதலில் முன்பக்கத்தைத் தூக்கும். மாடு அப்படியில்லை, பின்பக்கம்தான் முதலில் எழும். படுத்திருக்கும் மாடு முதலில் முன் முழங்கால்களில் எடையை ஏற்றுகிறது. அடுத்து கழுத்தை நீட்டி, தலையைத் தாழ்த்தி, உடம்பையே முன்னால் வீசுகிறது. அந்த வீச்சில் இடுப்பு எழும்புகிறது, பின்னங்கால்கள் நிமிர்கின்றன. ஒரு நொடி மண்டியிட்டவாறு நிற்கும், பிறகு முன்னங்கால் ஒவ்வொன்றாக ஊன்றி முழுவதுமாக எழும்.

பழைய கிணற்றடி ஏற்றத்தை நினைத்துக்கொண்டால் இது சட்டென்று புரியும். ஏற்ற மரத்தின் மேல் ஆள் இந்தப் பக்கம் நடந்து வந்தால் அந்தப் பக்கம் சால் மேலே வரும். யாரும் அதைக் கையால் தூக்குவதில்லை, எடை இடம் மாறுகிறது, அவ்வளவுதான். மாட்டுக்கு மண்டியிட்ட முழங்கால்தான் ஏற்றத்தின் அச்சு. கனத்த தலையும் கழுத்தும் அச்சைத் தாண்டி முன்னால் போகும்போது பின்பக்கத்தின் சுமை குறைகிறது, குறைந்த சுமையைப் பின்னங்கால்கள் நிமிர்த்திவிடுகின்றன. தலை முன்னால் போகாவிட்டால் அந்த முழு எடையையும் பின்னங்கால்களே தூக்க வேண்டும். அத்தனை பலம் அவற்றுக்கு இல்லை.

இந்த வீச்சுக்கு மூக்குக்கு முன்னால் முக்கால் மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை காலியிடம் வேண்டும். தொழுவம் கட்டுபவர்கள் இதற்காகவே மாட்டுக்கு முன்னால் இடம் விடுகிறார்கள். லாரியில் அந்த இடத்தில் பலகை இருக்கிறது, அல்லது இன்னொரு மாடு இருக்கிறது. இரண்டும் இல்லாவிட்டாலும் தலை ஒரு சாண் கயிற்றில் கட்டிக் கிடக்கிறது.

சில வருடங்களுக்கு முன் பொள்ளாச்சிச் சந்தைக்கு முந்தைய இரவு, தேநீர்க் கடை ஓரம் நின்றிருந்த ஒரு லாரியில் இதை நேரில் பார்த்தேன். 17 அடி நீளம், 7 அடி அகலம் உள்ள தளம். 18 மாடுகள் இருந்தன. ஓரத்தில் ஒரு செவலைப் பசு விழுந்து கிடந்தது. உதவியாள் வாலை முறுக்கினான். பசு மூச்சை இழுத்து முன்னால் எம்பியது, கயிறு விறைத்துத் தலை பக்கவாட்டில் திரும்பியது, மறுபடி சரிந்தது. மூன்று முறை அப்படியே நடந்தது. "பிடிவாதம் புடிச்ச மாடு" என்றான். வயதான ஓட்டுநர் ஏறி வந்து ஒன்றும் பேசாமல் கயிற்றை அவிழ்த்தார். முன்னால் நின்ற இரண்டு மாடுகளைத் தள்ளி நிறுத்தினார். பசுவின் முகத்துக்கு முன்னால் பலகைத் தரை தெரிந்தது. அது ஒரே எம்பலில் எழுந்துவிட்டது.

விழுந்த மாட்டின் வாலை முறுக்கி ஒடிப்பதும், கண்ணில் மிளகாய்ப்பொடி தேய்ப்பதும் நம் சாலைகளில் இன்றும் நடக்கின்றன. இதை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. கொடுமை என்பது ஒரு பக்கம், அதனால் பயனும் இல்லை. வலி மாட்டை எழுந்திருக்கத் தூண்டலாம், மூக்குக்கு முன்னால் ஒரு மீட்டர் இடத்தை உண்டாக்காது. எழாத மாடு பல மணி நேரம் ஒரே பக்கமாகக் கிடந்தால் அடியில் நசுங்கும் தொடைத் தசைக்கு ரத்தம் போகாது, காலுக்கு ஓடும் நரம்பு மரத்துப்போகும். அதன்பின் இடம் கொடுத்தாலும் அதனால் எழ முடியாது. அதனால் விழுந்த மாட்டை அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது.

சரி, எவ்வளவு இடம் வேண்டும்? மேலே சொன்ன லாரியின் தளம் ஏறக்குறைய 11 சதுர மீட்டர். 18 மாடு என்றால் ஒன்றுக்கு 0.6 சதுர மீட்டர். ஐரோப்பாவில் பயன்படும் ஒரு கணக்குப்படி 300 கிலோ மாட்டுக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வேண்டும், அதாவது 11 மாடு. நம் சட்டம் இன்னும் தாராளமானது. 1978-ஆம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து விதிகள் ஒரு சரக்கு வண்டியில் ஆறு மாடுகளுக்கு மேல் கூடாது என்கின்றன. 2015-இல் மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தம் மாடு ஒன்றுக்கு 2 சதுர மீட்டரும் நிரந்தரத் தடுப்புகளும் கேட்கிறது. அப்படிப் பார்த்தால் அந்த லாரியில் ஐந்துதான் ஏறும். கொம்புள்ள, கயிற்றில் கட்டிய, ஓர் இரவும் பகலும் பயணம் செய்யும் மாடுகளுக்கு இது மிகையல்ல என்றே நினைக்கிறேன். அயர்லாந்துக் காளைகள்கூடப் பயணத்தின் பிற்பகுதியில் களைத்துப் படுக்கத் தொடங்கின. படுத்தால் எழவும் இடம் வேண்டுமே.

வியாபாரி சொன்னதில் பாதி உண்மை உண்டு. பெரிய தளத்தில் தடுப்பே இல்லாமல் இரண்டு மாடுகளை விட்டால் கடும் பிரேக்கில் அவை வண்டியின் நீளத்துக்குத் தூக்கி எறியப்படும். அதற்குத் தீர்வு இன்னும் மாடுகளை ஏற்றுவதல்ல, குறுக்குத் தடுப்பு வைப்பது. கூடவே தரையில் தென்னைநார்ப் பாயோ, மணலும் வைக்கோலுமோ போட வேண்டும். சாணமும் மூத்திரமும் சேர்ந்தால் வெறும் பலகையில் எடுத்து வைத்த காலும் நிற்காது.

ஏற்றுவது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முழுப் பயணத்திலும் மாட்டின் இதயத் துடிப்பு எகிறும் நேரங்களில் இதுவும் ஒன்று. வண்டியை மண்மேட்டில் பின்பக்கமாக அணைத்து, தளமும் மேடும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் போக மாடு தயங்கும் என்பதால் உள்ளே கண் கூசாத ஒரு விளக்கு வைக்கலாம். தலையைத் தாழ்த்தித் தரையைப் பார்க்க விடுங்கள். ஆழத்தை அது அப்படித்தான் கணிக்கிறது. கயிற்றை மேலே இழுப்பவர் அந்தப் பார்வையைத்தான் பறிக்கிறார்.

ஓய்வு நிறுத்தத்தில் பலரும் கவனிக்காத ஒரு சிக்கல் உண்டு. ஓடும் வண்டிக்குள் காற்று தானாக வருகிறது, நின்ற வண்டிக்குள் வராது. மதியம் வெயிலில் ஓட்டுநர் சாப்பிட நிறுத்தும் முக்கால் மணி நேரம் மாடுகளுக்கு ஓய்வல்ல, அவற்றின் உடல் வெப்பமே வண்டிக்குள் தேங்கும் நேரம். மர நிழலில், காற்று வரும் பக்கம் பார்த்து நிறுத்த வேண்டும். அடிக்கடி இறக்கி ஏற்றுவதும் நல்லதல்ல, ஒவ்வொரு ஏற்றமும் புதிய பதற்றம். பகல் வெயிலைத் தவிர்த்து இரவில் ஓட்டி, நடுவே ஒருமுறை இறக்கினாலும் எல்லா மாடுகளும் தண்ணீர் குடித்து, தீவனம் தின்று, படுத்து எழும் அளவுக்கு நீண்ட நேரம் விடுவதே மேல். ஐரோப்பிய விதி 14 மணி ஓட்டம், குறைந்தது ஒரு மணி ஓய்வு, மீண்டும் 14 மணி, அதன்பின் இறக்கி 24 மணி ஓய்வு என்கிறது. நடுவிலுள்ள அந்த ஒரு மணி நேரத்தில் வண்டிக்குள் நெருங்கி நிற்கும் மாடுகள் எல்லாம் தண்ணீர் குடித்துவிடும் என்று நான் நம்பவில்லை.

நான் படித்த அளவீடுகளில் பெரும்பாலானவை 500, 600 கிலோ எடையுள்ள, கொம்பில்லாத ஐரோப்பிய மாடுகளை வைத்து நல்ல சாலைகளில் எடுத்தவை. காங்கேயம் மாட்டுக்கும் நம் வேகத்தடைகளுக்கும் அந்த எண்கள் அப்படியே பொருந்துமா? இதைக் கண்டுபிடிக்கக் கோடிகள் வேண்டாம். குலுக்கலை அளக்கக் கைப்பேசியில் இருக்கும் முடுக்கமானியும், இருட்டில் பார்க்கும் ஒரு கேமராவும், ஒத்துழைக்கும் சில ஓட்டுநர்களும் போதும். கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவரின் ஆய்வுக்கு இதைவிட நல்ல தலைப்பு எனக்குத் தெரியவில்லை. இதற்கு ஒரு சிறு நிதி ஒதுக்கினால் எத்தனையோ மாடுகளின் கால் தப்பும்.

வாசகர் கடைசியில் இன்னொன்றும் கேட்டிருந்தார்: அடுத்த முறை விற்கும்போது நான் என்ன பார்க்க வேண்டும்? கயிற்றைப் பாருங்கள். மூக்கணாங்கயிற்றிலோ கொம்பிலோ கட்டியிருந்தால் கழுத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். ஓர் இழுப்பில் அவிழும் முடிச்சாக இருக்கட்டும். நின்றபடி மாட்டின் மூக்கு தரையைத் தொடும் அளவுக்குக் கயிறு விட வேண்டும், கால் சிக்கும் அளவுக்குத் தொங்கவும் கூடாது. கிளம்பிய முதல் அரை மணிக்குள் ஒருமுறை நிறுத்தி, டார்ச் அடித்து எல்லாம் நிற்கின்றனவா என்று பார்க்கச் சொல்லி ஓட்டுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் விழுந்திருக்கும் மாட்டுக்கு, முன்னால் இடம் கொடுத்தால், பெரும்பாலும் தானே எழும் தெம்பு இருக்கும்.