இச்சிரோவா, ஆடம் டன்னா? பேஸ்பாலில் இரண்டு எண்களைப் படிக்கும் விதம்

விளையாட்டுத் தரவுகளைக் கணக்கிட்டுத் தருவது என் வேலை. எங்களிடம் புதிதாக வந்து சேரும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு கிரிக்கெட் அத்துப்படி, பேஸ்பால் சுத்தமாகத் தெரியாது. அவர்களிடம் முதல் நாளே அமெரிக்க மேஜர் லீக்கின் 2004 பருவத்தில் ஆடிய இரண்டு ஹிட்டர்களைக் காட்டி, பேட்டிங்கில் யார் அணிக்கு அதிகம் உதவினார் என்று கேட்பேன்.

ஒருவர் சியாட்டில் மரைனர்ஸின் இச்சிரோ சுசுகி. ஓடி எட்ட வேண்டிய நான்கு பேஸ்களில் ஒன்றையாவது பந்தை அடித்து அவுட் ஆகாமல் எட்டினால் அது ஹிட். அந்த ஆண்டு 262 ஹிட் அடித்து, ஜார்ஜ் சிஸ்லர் 1920-இல் வைத்த 257 என்ற சாதனையை முறியடித்தவர். பந்தைத் தட்டிவிட்டு முதல் பேஸுக்குப் பறந்துவிடுவார். பேட்டிங் சராசரி .372. மற்றவர் சின்சினாட்டி ரெட்ஸின் ஆடம் டன். ஆஜானுபாகுவான ஆள். சராசரி வெறும் .266. அந்தப் பருவத்தில் 195 முறை ஸ்ட்ரைக் அவுட், அதாவது மூன்று ஸ்ட்ரைக் வாங்கி அவுட், ஆனார். ஒரு பருவத்தில் அதுவரை யாரும் அத்தனை முறை ஆனதில்லை.

பதில் அநேகமாக எப்போதும் இச்சிரோதான். சராசரியைப் பார்த்துவிட்டுச் சொல்லும் பதில் அது. அங்கேதான் சிக்கல்.

பேட்டிங் சராசரி என்பது ஹிட்களை அட்-பேட்களால் வகுத்தது. அட்-பேட் என்பது ஹிட்டர் ஆட வந்த முறைகளின் எண்ணிக்கை, சில விதிவிலக்குகள் நீங்கலாக. பந்து வீசும் பிட்சர் நான்கு தவறான பந்துகள் போட்டால் ஹிட்டர் இலவசமாக முதல் பேஸுக்குப் போகலாம். அதற்கு வாக் என்று பெயர். அந்த வாக், ஹிட்டிலும் சேராது, அட்-பேட்டிலும் சேராது. சராசரியைப் பொறுத்தவரை அது நடக்கவே இல்லை. போதாததற்கு, ஒரு பேஸ் மட்டும் எட்டும் சிங்கிளும் நான்கையும் சுற்றிவரும் ஹோம் ரன்னும் அதன் கண்ணுக்கு ஒன்றுதான். ஒரு ரன்னையும் சிக்ஸரையும் ஒன்றாக எண்ணும் ஸ்கோரரை நாம் வேலையில் வைத்திருப்போமா?

இந்த இரண்டு ஓட்டைகளை அடைக்க இரண்டு எண்கள் இருக்கின்றன. திரையில் OBP என்று வருவது ஆன்-பேஸ் விகிதம், SLG என்று வருவது ஸ்லக்கிங்.

ஆன்-பேஸ் ஏன் முக்கியம் என்பது கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு எளிதில் புரியும். டி20-இல் அணியின் கையிருப்பு 120 பந்துகள். பேஸ்பாலில் பந்துக்குக் கணக்கே கிடையாது, கையிருப்பு அவுட்கள்தான். இன்னிங்ஸுக்கு மூன்று, ஒன்பது இன்னிங்ஸுக்கு 27. அது தீரும்வரை எத்தனை ரன் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆகவே ஒரு ஹிட்டர் ஒவ்வொரு முறை வரும்போதும் அந்தக் கையிருப்பில் ஒன்றைச் செலவழிக்கிறாரா இல்லையா என்பதே முதல் கேள்வி. ஹிட் அடித்தாலும், வாக் வாங்கினாலும், பந்து உடம்பில் பட்டு பேஸுக்குப் போனாலும் செலவு இல்லை.

இச்சிரோவுக்குப் போட்டுப் பார்ப்போம். 262 ஹிட், 49 வாக், உடம்பில் பட்டது 4. மொத்தம் 315. வகுக்க வேண்டியது 704 அட்-பேட், அந்த 49, அந்த 4, கூடவே தான் கேட்ச் ஆனாலும் இன்னொருவரை ரன் எடுக்க வைத்த 3 சாக்ரிஃபைஸ் ஃப்ளை, ஆக 760. விடை .414. டன்னுக்கு 151 ஹிட், 108 வாக், உடம்பில் பட்டது 5, மொத்தம் 264. அதை 681-ஆல் வகுத்தால் .388.

சராசரியில் இருவருக்கும் இடையே நூறு புள்ளிக்கு, அதாவது .100-க்கு, மேல் வித்தியாசம் இருந்தது. இங்கே அது 26 புள்ளியாகச் சுருங்கிவிட்டது. நூறு முறை வந்தால் இச்சிரோ 41 முறை பேஸ் ஏறுகிறார், டன் 39 முறை. அந்த 195 ஸ்ட்ரைக் அவுட் நம் கண்ணை உறுத்துகிறது, உண்மைதான். ஆனால் பேட்டை வீணாக வீசிவிட்டு நடையைக் கட்டினாலும், தரையில் தட்டி ஓடிப்போய் அவுட் ஆனாலும், போவது பெரும்பாலும் ஒரு அவுட்தான். தரையில் தட்டியது சில நேரம் பேஸில் நிற்கும் இன்னொருவரையும் சேர்த்துக் காலி செய்துவிடும்.

அடுத்தது ஸ்லக்கிங். சிங்கிளுக்கு 1, டபுளுக்கு 2, ட்ரிபிளுக்கு 3, ஹோம் ரன்னுக்கு 4 என்று எண்ணிக் கூட்டி, அட்-பேட்களால் வகுக்க வேண்டும். ஒரு அட்-பேட்டுக்குச் சராசரியாக எத்தனை பேஸ் என்பதுதான் விடை. சதவீதம் என்று இதற்குப் பெயர் ஒட்டியிருக்கிறது, ஆனால் சதவீதம் அல்ல. ஒவ்வொரு முறையும் ஹோம் ரன் அடிப்பவருக்கு 4.000 வரும். ஆன்-பேஸ் 1.000-ஐத் தாண்டவே முடியாது.

இச்சிரோவின் 262 ஹிட்டில் 24 டபுள், 5 ட்ரிபிள், 8 ஹோம் ரன். மீதி 225-உம் சிங்கிள். கூட்டினால் 320 பேஸ். டன்னின் 151 ஹிட்டில் 34 டபுள், 46 ஹோம் ரன், 71 சிங்கிள்; ட்ரிபிள் ஒன்றுகூட இல்லை. கூட்டினால் 323 பேஸ்.

இந்த இடத்தில் வகுப்பில் ஒரு சத்தம் எழும். 111 ஹிட் குறைவாக அடித்த ஆள் மூன்று பேஸ் அதிகம் எடுத்திருக்கிறார்! அதுவும் 704-க்குப் பதில் 568 அட்-பேட்டில். ஆகவே ஸ்லக்கிங் இச்சிரோவுக்கு .455, டன்னுக்கு .569.

பாணியைக் கண்டுபிடிக்க நான் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறேன். இரண்டு எண்களிலிருந்தும் சராசரியைக் கழித்துவிடுங்கள். ஆன்-பேஸில் கழித்தால் மிஞ்சுவது பெரும்பாலும் வாக் வாங்கும் பொறுமை. இச்சிரோவுக்கு .042, டன்னுக்கு .122. ஸ்லக்கிங்கில் கழித்தால் மிஞ்சுவது சிங்கிளுக்கு மேற்பட்ட பலம் மட்டும். இச்சிரோவுக்கு .083, டன்னுக்கு .303. சராசரி இரண்டு எண்களுக்குள்ளும் ஒளிந்திருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. .450 ஸ்லக்கிங் என்று மொட்டையாகச் சொன்னால், அவர் ஓயாமல் சிங்கிள் அடிப்பவரா, எப்போதாவது ஒன்றை வேலிக்கு வெளியே அனுப்புபவரா என்று தெரியாது.

இரண்டையும் கூட்டி OPS என்று ஒரே எண்ணாகக் காட்டுவதும் உண்டு. இச்சிரோ .869, டன் .957. அவசரத்துக்கு உதவும். ஆனால் அது ஒன்றுக்குள் அடங்கும் எண்ணையும் நான்குவரை போகும் எண்ணையும் சமமாக மதிக்கிறது. ரன் எடுப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், ஆன்-பேஸின் ஒரு புள்ளி ஸ்லக்கிங்கின் ஒரு புள்ளியைப்போல் ஏறக்குறைய 1.8 மடங்கு பெறும் என்கிறார்கள். அப்படி எடை கூட்டினால் இடைவெளி குறைகிறது. டன்தான் அப்போதும் முன்னால்.

இதை வைத்து டன் பெரிய ஆட்டக்காரர் என்று முடிவுகட்ட வேண்டாம். இந்த எண்கள் பேட் பிடித்து நிற்கும் நேரத்தை மட்டுமே பார்க்கின்றன. அந்தப் பருவத்தில் இச்சிரோ யாரும் பந்தை அடிக்காமலேயே ஓடி 36 பேஸ்களைத் திருடினார். வலது புறத்தில் நின்று அவர் தடுத்த பந்துகளும் இவற்றில் வராது. மைதானம் வேறு. சின்சினாட்டி மைதானத்தில் பந்து எளிதில் வேலியைத் தாண்டும். சியாட்டில் மைதானம் பிட்சர்களுக்குச் சாதகமானது. இரண்டாம் பேஸில் ஆள் நிற்கும்போது சிங்கிள் அடித்தால் பெரும்பாலும் ரன் வந்துவிடும். வாக் வாங்கினால் அந்த ஆள் நின்ற இடத்திலேயே நிற்பார். ஆன்-பேஸ் இரண்டையும் ஒன்றாகவே எண்ணும்.

315 முறை பேஸ் ஏறிய இச்சிரோ அந்த ஆண்டு எடுத்த ரன் 101. அதில் 8, தன் ஹோம் ரன்னிலேயே வந்தவை. மீதிக்கு அவர் பின்னால் வருபவர்களைத்தான் நம்ப வேண்டியிருந்தது. மரைனர்ஸ் அந்தப் பருவத்தில் 99 ஆட்டங்கள் தோற்றது.