தூங்கி எழுந்து யோசிப்போம்: அந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை?

எங்கள் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்தில் மனை வாங்குவதானாலும் வரன் பேசுவதானாலும் பெரியவர்கள், "இப்பவே பதில் சொல்ல வேணாம், தூங்கி எழுந்து காலைல யோசிப்போம்" என்பார்கள். அவசரப்பட்டு வாக்குக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்வது அது. மனநல மருத்துவராக நான் அடிக்கடி சந்திக்கும் கேள்வி இதற்கு அடுத்தது. விடை தெரியாமல் முட்டி நிற்கும் ஒரு சிக்கலுக்குத் தூக்கமே விடை கண்டுபிடித்துத் தருமா? இதை ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சில விஷயங்களில் ஆம் என்றும் சிலவற்றில் இல்லை என்றும் தெரிய வந்திருக்கிறது.

மன்னார்குடி பக்கத்து அரிசி ஆலை ஒன்றில் கணக்கு எழுதுகிறவர் தூக்கம் வரவில்லை என்று என்னிடம் வந்தார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மாசி மாதம், சம்பா நெல் வந்து குவிகிற நேரம். அன்றைய கணக்கு நேராகாமல் படுக்க மாட்டார். டீயைக் குடித்துக்கொண்டு இரவு ஒன்று, இரண்டு மணி வரை உட்கார்ந்திருப்பார். படுத்த பிறகும் மனதுக்குள் எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும். அவரிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: பத்து மணிக்கு நோட்டை மூடுங்கள், எதைத் தேடினீர்கள், எங்கே நிற்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிவைத்துவிட்டுப் படுங்கள்.

அடுத்த முறை வந்தபோது ஒரு சம்பவம் சொன்னார். ஒரு நாள், ரொக்கப் புத்தகத்தின்படி இருக்க வேண்டியதைவிடப் பெட்டியில் 5,400 ரூபாய் குறைவாக இருந்திருக்கிறது. எழுத விட்டுப்போன செலவு ஏதாவது இருக்குமோ என்று 5,400 ரூபாய் வவுச்சரைத் தேடியிருக்கிறார். கிடைக்கவில்லை. செலவை வரவுப் பக்கம் எழுதியிருந்தால் வித்தியாசம் இரட்டிப்பாகத் தெரியும் என்பதால் பாதித் தொகையான 2,700-ஐயும் தேடியிருக்கிறார். அதுவும் இல்லை. தாளில் இந்த இரண்டையும் எழுதிவைத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

"காலைல நோட்டை எடுத்தேன் டாக்டர். 5,400-ஐத் தேடணும்னே தோணல. ஏதாவது எண்ணைப் புரட்டி எழுதிட்டோமான்னு பார்க்கத் தோணுச்சு" என்றார். லாரி வாடகை 8,260 ரூபாயை 2,860 என்று எழுதியிருந்தார். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். 5,400 என்பது ஒன்பது அறுநூறு. கணக்கு எழுதும் பலருக்கும் தெரிந்த வழிதான் இது. அவருக்கும் தெரியும். ராத்திரி நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

இதை வைத்துத் தூக்கத்தின் மகிமை என்று நான் எழுதிவிட முடியாது. களைப்பு நீங்கியதால் தோன்றியிருக்கலாம். தூங்காமல் வேறு வேலை பார்த்துவிட்டு வந்திருந்தாலும், இடைவெளி விட்டதாலேயே தோன்றியிருக்கலாம். தூக்கத்தின்போது மூளை உண்மையிலேயே ஏதாவது வேலை செய்திருக்கலாம். மூன்றும் வேறு வேறு காரணங்கள். ஒருவரை மட்டும் பார்த்து இவற்றைப் பிரிக்க வழியில்லை.

இவற்றைப் பிரித்துப் பார்த்த ஆய்வு 2004-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. ஜெர்மனியின் லூபெக் நகரில் உல்ரிச் வாக்னர், யான் போர்ன் குழுவினர் செய்தது. அதில் கொடுத்த பணியை நீங்களும் ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். 1, 4, 9 என்ற மூன்று எண்கள் மட்டும். இரண்டு விதிகள். பக்கத்துப் பக்கத்து எண்கள் ஒன்றாக இருந்தால் அதே எண்தான் விடை. வேறாக இருந்தால் மிச்சமிருக்கும் மூன்றாவது எண் விடை. கிடைத்த விடையை அடுத்த எண்ணோடு சேர்த்து மறுபடி விதியைப் போட வேண்டும்.

அவர்கள் கொடுத்த மாதிரியிலேயே நான் ஒரு வரிசை தருகிறேன்: 9 1 9 4 1 4 1 4. முதலில் 9, 1. வேறு வேறு, ஆகவே 4. அந்த 4-ஐ அடுத்த 9-உடன் சேர்த்தால் 1. அந்த 1-ஐ அடுத்த 4-உடன் சேர்த்தால் 9. இப்படியே கடைசி வரை போனால் ஏழு விடைகள் வரும்: 4, 1, 9, 4, 4, 9, 1. கடைசியாக வருவதுதான் இறுதி விடை, இங்கே 1.

இப்போது அந்த ஏழையும் இன்னொரு முறை பாருங்கள். இரண்டாவது முதல் நான்காவது வரை 1, 9, 4. ஐந்தாவது முதல் ஏழாவது வரை 4, 9, 1. கண்ணாடியில் பார்த்தது போல அப்படியே திரும்பி வருகிறது. அப்படியானால் இரண்டாவது விடை எதுவோ அதுவேதான் கடைசி விடையும். எல்லா வரிசைகளையும் இப்படித்தான் அமைத்திருந்தார்கள். இதைக் கண்டுபிடித்தவர் ஏழு படி ஏற வேண்டாம், இரண்டோடு நிறுத்திவிடலாம். ஆனால் இப்படி ஒரு குறுக்கு வழி இருப்பதை யாருக்கும் சொல்லவில்லை.

எல்லோருக்கும் கொஞ்ச நேரம் பயிற்சி கொடுத்துவிட்டு எட்டு மணி நேரம் இடைவெளி விட்டார்கள். ஒரு குழு அந்த எட்டு மணி நேரமும் இரவில் தூங்கியது. இன்னொரு குழு இரவு முழுக்க விழித்திருந்தது. மூன்றாவது குழு பகலில் விழித்திருந்தது. ஒவ்வொன்றிலும் 22 பேர். பிறகு மறுபடி அதே பணி. தூங்கிய குழுவில் 13 பேர் குறுக்கு வழியைக் கண்டுபிடித்தார்கள். விழித்திருந்த இரண்டு குழுவிலும் ஐந்தைந்து பேர்தான்.

மூன்று குழுவுக்கும் இடைவெளி ஒரே அளவு. ஆகவே இடைவெளி மட்டுமே காரணமாக இருக்க முடியாது. பகலில் விழித்திருந்தவர்கள் ராத்தூக்கம் கெட்டவர்கள் இல்லை, அவர்களிலும் ஐந்து பேர்தான் என்பதால் களைப்பு மட்டும் என்றும் சொல்ல முடியாது. இன்னும் ஒரு சோதனையும் செய்தார்கள். முன்பயிற்சி எதுவும் கொடுக்காமல், தூங்கி எழுந்தவர்களுக்கும் விழித்திருந்தவர்களுக்கும் நேராகப் பணியைக் கொடுத்தபோது இரு தரப்புக்கும் வித்தியாசமே வரவில்லை. என்னைப் பொறுத்தவரை அந்த ஆய்விலேயே முக்கியமான இடம் இதுதான். தூங்கி எழுந்ததால் மட்டும் ஒருவர் புத்திசாலியாகிவிடவில்லை. படுப்பதற்கு முன்பு கையில் எடுத்துப் பார்த்த சிக்கலுக்குத்தான் தூக்கம் உதவியது.

பகலில் புதிதாகக் கற்றதை மூளையின் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி முதலில் பிடித்து வைத்துக்கொள்கிறது. உறக்கத்தில், முக்கியமாக ஆழ்ந்த உறக்கத்தில், அந்தப் பதிவுகள் மறுபடி மறுபடி கிளறப்பட்டு, பழைய அறிவோடு கோக்கப்படுகின்றன. அப்போது தனித்தனி விவரங்களுக்குள் இருக்கும் பொது அமைப்பு மேலே வருகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். 2019-இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் குழு இதைக் கொஞ்சம் நேரடியாகவே சோதித்தது. மாலையில் புதிர்களைக் கொடுத்து, ஒவ்வொரு புதிருக்கும் ஒரு தனி இசைத் துணுக்கை ஓடவிட்டார்கள். விடை காணாமல் விட்ட புதிர்களில் பாதிக்கு உரிய இசையை மட்டும் அன்றிரவு அவர்கள் தூங்கும்போது மெல்ல ஒலிக்கச் செய்தார்கள். மறுநாள், இசை கேட்ட புதிர்களில் 31.7 சதவீதத்துக்கு விடை கிடைத்தது, கேட்காதவற்றில் 20.5 சதவீதத்துக்கு. ஆளும் அதே ஆள், தூக்கமும் அதே தூக்கம். எந்தப் புதிரின் நினைவு தட்டி எழுப்பப்பட்டதோ அதற்குப் பலன் கூடுதல். அப்படியும் பெரும்பாலான புதிர்கள் விடை இல்லாமலேயே நின்றன என்பதையும் கவனியுங்கள்.

எல்லா ஆய்வும் இதே பக்கம் நிற்கவில்லை. 2018-இல் ஜெர்மனியில் மோனிகா ஷோனாவர் குழுவினர், சட்டென்று பொறி தட்டினால் மட்டுமே விடுபடும் புதிர்களையும், எப்படிச் செய்கிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டிய மாயவித்தை வீடியோக்களையும் கொடுத்துப் பார்த்தார்கள். தூங்கியவர்களும் விழித்திருந்தவர்களும் ஒரே மாதிரிதான் செய்தார்கள். லூபெக் ஆய்வையும் இந்த ஆய்வையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இது: ஒரே மாதிரி விவரங்கள் நிறையக் கையில் இருந்து, அவற்றுக்குள் ஒரு ஒழுங்கு மறைந்திருந்தால் தூக்கம் உதவ வாய்ப்பு அதிகம். ஒரே ஒரு தந்திரத்தைப் பிடிக்க வேண்டிய புதிருக்கு ராத்திரித் தூக்கமும் ஒன்றுதான், சும்மா இடைவெளி விடுவதும் ஒன்றுதான்.

கையில் இல்லாத தகவலைத் தூக்கம் கொண்டுவந்து கொடுக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜூன் 12 நெருங்கும்போது, மேட்டூரில் தண்ணீர் திறப்பார்களா, குறுவைக்கு நாற்றங்கால் விடலாமா என்று புரண்டு படுக்கும் விவசாயிகளைப் பார்க்கிறேன். அந்தக் கேள்விக்கு விடை அணையின் நீர்மட்டத்திலும் அரசு அறிவிப்பிலும் இருக்கிறது. அதைப் படுக்கைக்குக் கொண்டுபோனால் தூக்கம் கெடுவதுதான் மிச்சம். இருக்கும் தண்ணீரில் எந்த வயலுக்கு எந்த ரகம் என்று கையில் உள்ள விவரங்களைப் பொருத்திப் பார்க்கிற கேள்வி வேறு. அதை மாலையில் எழுதிப் பார்த்துவிட்டுப் படுக்கலாம்.

செய்முறை என்று என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது பெரிதாக ஒன்றுமில்லை. மாலையில் சிக்கலோடு உட்கார்ந்து, உண்மையிலேயே முட்டி நிற்கும் வரை முயலுங்கள். மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் படுத்தால் இரவில் கிளறுவதற்கு உள்ளே ஒன்றும் இருக்காது. நின்ற இடத்தை எழுதிவையுங்கள். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே தாளை வேறு அறையில் வைத்துவிடுங்கள். படுக்கையில் கிடந்து யோசிப்பதும் தூங்கி எழுந்து யோசிப்பதும் ஒன்றல்ல. முன்னது விழித்திருந்த குழுவில்தான் உங்களைச் சேர்க்கும். காபியின் கஃபீன் பாதி குறையவே பலருக்கு ஐந்து மணி நேரம் போல ஆகும், அதனால் மாலை நான்கு மணி டிகிரி காபியே அந்த நாளின் கடைசியாக இருக்கட்டும். காலையில் போனைத் தொடுவதற்கு முன் அந்தத் தாளை எடுங்கள்.

மதியக் கண்ணயர்வு பற்றியும் கேட்கிறார்கள். 2021-இல் பாரிஸில் இதே எண் பணியை வைத்துச் செய்த ஆய்வில், இருபது நிமிட ஓய்வில் தூக்கத்தின் முதல் படியில் பதினைந்து விநாடியாவது இருந்தவர்களில் 83 சதவீதம் பேர் குறுக்கு வழியைப் பிடித்தார்கள். விழித்தே இருந்தவர்களில் 30 சதவீதம். இன்னும் ஆழமாகப் போனவர்களில் 14 சதவீதம்தான். ஆனால் 2025-இல் ஜெர்மனியில் வேறொரு பணியை வைத்துச் செய்த ஆய்வில், அடுத்த படிக்குப் போனவர்களுக்குத்தான் பலன் அதிகம் என்று வந்தது. ஆகவே எத்தனை நிமிடம் கண்ணயர வேண்டும் என்று நான் யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை.

எனக்குக் கவலை தருகிறவர்கள் மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து நடு இரவில் எழுந்து போர்வெல் மோட்டார் போடப் போகும் விவசாயிகள். பலமாகக் குறட்டை விட்டு, மூச்சடைத்து விழித்து, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுகிறவர்களும் அப்படித்தான். இவர்கள் எட்டு மணி நேரம் படுக்கையில் இருந்தாலும் தூக்கம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது. குறட்டைக்காரர்கள் முதலில் மருத்துவரிடம் காட்டித் தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று பரிசோதித்துக்கொள்ள வேண்டும். மோட்டார் போடப் போகிறவர்கள், வீட்டில் இன்னொருவரோடு முறை வைத்துக்கொண்டு, நகைக்கடன், குத்தகை போன்ற பெரிய கணக்குகளைத் தங்கள் முறை வராத இரவுக்கு மறுநாள் காலையில் எடுத்துக்கொள்ளலாம்.