இண்டெக்ஸ் நகரவில்லை, டெல்டா நகர்ந்துவிட்டது

ஆப்ஷன் விற்கும் நண்பர் ஒருவர் போன ஆண்டு தன் கணக்கைக் கொண்டுவந்து காட்டினார். "செவ்வாய் வரைக்கும் நிஃப்டி நின்ன இடத்துலயே நின்னுச்சு, நானும் ஹெட்ஜ் போட்டிருந்தேன். அப்புறம் எப்படி சார் அடி?" என்றார்.

2025-இன் முதல் பாதி, வாராந்தர எக்ஸ்பைரி வியாழனன்று இருந்த காலம். நிஃப்டி 25,000. ஒரு வியாழன் மாலை, அடுத்த வியாழனில் முடியும் 24,500 புட்டில் 20 லாட் விற்றிருந்தார். லாட்டுக்கு 75 என்றால் 1,500. ஐ.வி., அதாவது ஆப்ஷன் விலைக்குள் அடங்கியிருக்கும் அசைவின் எதிர்பார்ப்பு, 12 சதவீதம். நிஃப்டி ஒரு புள்ளி நகர்ந்தால் புட்டின் விலை எவ்வளவு நகரும் என்பதுதான் டெல்டா; அப்போது ஒரு புட்டின் டெல்டா 0.11 (மைனஸ் குறியை விட்டுவிடுகிறேன்). விற்றவருக்கு அது 165 யூனிட் வாங்கி வைத்ததற்குச் சமம். அதை ஈடுகட்ட 2 லாட் ஃப்யூச்சர்ஸ், அதாவது 150 யூனிட், விற்றார். கணக்கு சரிதான், அன்றைக்கு மட்டும்.

செவ்வாய் மாலை. நிஃப்டி அதே 25,000, ஐ.வி.யும் அதே 12. மிச்சம் 2 நாள். இப்போது அந்த புட்டின் டெல்டா 0.01. 500 புள்ளி இறங்க நேரமே இல்லையே! 1,500 புட்டுக்கும் சேர்த்து 17 யூனிட்தான் மிச்சம். ஆனால் 150 யூனிட் ஃப்யூச்சர்ஸ் அப்படியே இருக்கிறது. ஹெட்ஜ் என்று போட்டது 133 யூனிட் வெறும் ஷார்ட்டாக மாறிவிட்டது. புதன்கிழமை சந்தை 180 புள்ளி ஏறியது. ஃப்யூச்சர்ஸில் 27,000 ரூபாய் போயிற்று. புட்டுக்கு வந்த பிரீமியமே முப்பதாயிரத்துச் சொச்சம். நாள் கழியக் கழிய டெல்டா இப்படி நகரும் வேகத்துக்குத்தான் சார்ம் என்று பெயர்.

வன்னா இதன் மறுபக்கம்: ஐ.வி. மாறும்போது டெல்டா நகரும் அளவு. அதே வியாழன் மாலை ஏதோ செய்தி வந்து, இண்டெக்ஸ் அசையாமல் ஐ.வி. மட்டும் 18 ஆகிறது என்று வையுங்கள். டெல்டா 0.11-லிருந்து 0.20-ஐத் தாண்டும். 165 யூனிட் 300-க்கு மேல் போகும், ஹெட்ஜ் பாதிதான் மூடும். பெரும்பாலும் நிஃப்டி விழும்போதுதான் ஐ.வி. ஏறும். இண்டெக்ஸ் நகர்வதால் டெல்டா மாறும் அளவுதான் காமா. அதனால் புட் விற்றவருக்கு காமா அடிக்கிற திசையிலேயே வன்னாவும் அடிக்கும்.

ஐ.வி. ஒரு புள்ளி ஏறினால் இங்கே டெல்டா சுமார் 0.019 கூடும். அதை ஆறால் பெருக்கினால் 0.114, உண்மையில் கூடுவது 0.095தான். வன்னாவே வழியில் குறைந்துகொண்டு வரும். பெரிய அசைவுக்குப் பெருக்கல் வேண்டாம், புது ஐ.வி. போட்டு டெல்டாவை மறுபடி கணக்கிடுங்கள்.

நிஃப்டி நிற்கும் இடத்திலேயே இருக்கும் ஏ.டி.எம். ஸ்ட்ரைக்கில் சார்ம், வன்னா இரண்டுமே கிட்டத்தட்ட பூஜ்யம்; டெல்டா 0.5 பக்கமே நிற்கும். தொந்தரவெல்லாம் கொஞ்சம் தள்ளி இருக்கும் ஸ்ட்ரைக்குகளில்தான், நம் ஆட்கள் விரும்பி விற்பதும் அவற்றைத்தான்.

புரோக்கர் திரை இந்த நிமிட டெல்டாவைத்தான் காட்டும். நான் மாலையில் மூன்று டெல்டா எழுதி வைப்பேன்: இன்றையது, ஒரு நாள் குறைத்தது, ஐ.வி. 3 புள்ளி ஏற்றியது. இரண்டாவது, போட்டிருக்கும் ஹெட்ஜிலிருந்து ஒரு லாட்டுக்கு மேல் விலகினால் காலையில் முதல் வேலை ஃப்யூச்சர்ஸைக் குறைப்பது. நண்பர் திங்கட்கிழமையே ஒரு லாட்டைத் திரும்ப வாங்கியிருந்தால் அடி பாதியாகியிருக்கும்.