மேலும், எனினும், எனவே: மாணவர் கட்டுரைகளில் பெருகும் இணைப்புச் சொற்கள்

மொரீசியஸின் மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் எழுதும் தமிழ்க் கட்டுரைகளைத் திருத்துவது என் பணி. அவற்றில் எழுத்துப்பிழை, சந்திப்பிழை ஆகியவற்றைவிட என்னை அதிகம் கவலைகொள்ளச் செய்வது வேறொன்று. ஏறக்குறைய ஒவ்வொரு வாக்கியமும் "மேலும்", "அதுமட்டுமல்லாமல்", "எனினும்", "இருப்பினும்", "எனவே" ஆகியவற்றுள் ஒன்றைக் கொண்டு தொடங்குகிறது. இலக்கணப்படி அந்த வாக்கியங்களில் குறை காண முடியாது. படிக்கும்போது மட்டும், எழுதியவர் எதையும் சொல்லாமல் பக்கத்தை நிரப்பியிருக்கிறார் என்ற எண்ணமே எழுகிறது.

இப்பழக்கம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு நன்றாகவே தெரியும். நம் பிள்ளைகள் வீட்டில் கிரியோல் பேசுகிறார்கள். பள்ளியில் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் கட்டுரை எழுதப் பயில்கிறார்கள். அவ்வகுப்புகளில் இணைப்புச் சொற்களின் பட்டியல் ஒன்றைக் கொடுத்து, அவற்றைப் பயன்படுத்தினால் கட்டுரை கோவையாக அமையும் என்று சொல்லித் தருகிறார்கள். தமிழ் வகுப்பில் நாமும் அதே பட்டியலைத் தமிழில் எழுதிக் கொடுத்துவிடுகிறோம். தமிழில் வாக்கியங்களைக் கோப்பதற்கு வேறு வழிகள் உண்டு என்பதைச் சொல்ல நேரம் வாய்ப்பதில்லை. போதாக்குறைக்கு, இத்தனை சொற்களில் எழுத வேண்டும் என்ற எல்லையும் இருப்பதால், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு சொல் கூடுவது மாணவருக்கு வசதியாகவே இருக்கிறது.

பொதுவாகப் பேசுவதைவிட ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு பார்ப்பது பயன்தரும். ஆப்ரவாசி காட் பற்றி ஒரு மாணவி எழுதிய கட்டுரையின் தொடக்கப் பத்தியை, அவர் யாரென்று தெரியாதவாறு சிறிது மாற்றிக் கீழே தருகிறேன்.

"மொரீசியஸுக்கு 1834ஆம் ஆண்டு முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்தனர். மேலும், அவர்கள் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்தனர். மேலும், 1835இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. அதுமட்டுமல்லாமல், தோட்ட முதலாளிகளுக்கு ஆட்கள் தேவைப்பட்டனர். எனினும், கப்பலில் வந்தவர்கள் போர்ட் லூயிஸில் இறங்கினர். மேலும், அவர்கள் இறங்கிய இடம் இன்று ஆப்ரவாசி காட் என்று அழைக்கப்படுகிறது. எனவே, 2006இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இருப்பினும், தமிழர்கள் அதற்கு முன்பே, பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலேயே, இத்தீவுக்கு வந்திருந்தனர்."

எட்டு வாக்கியங்களில் ஏழு இணைப்புச் சொற்கள் இருக்கின்றன. இதைத் திருத்தச் சொன்னால், "மேலும்" மூன்று முறை வந்துவிட்டது என்று கண்டு, ஒன்றை "அத்துடன்" என்றும் இன்னொன்றை "இதைத் தவிர" என்றும் மாற்றித் தருவதே பெரும்பாலான மாணவர்களின் வழக்கம். சில ஆசிரியர்களும் அப்படித்தான் திருத்துகிறார்கள். அதனால் எதுவும் மாறுவதில்லை. ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவது நோயின் அறிகுறி மட்டுமே. அடுத்தடுத்த இரண்டு வாக்கியங்களுக்கு இடையே உள்ள உறவு என்ன என்று எழுதியவர் முடிவு செய்யாமல் விட்டதே நோய். "மேலும்" என்பது "இதோ இன்னொரு செய்தி" என்பதற்கு மேல் எதையும் சொல்லாத சொல்லாகையால், முடிவு செய்யாதவருக்கு அது மிகவும் கைகொடுக்கிறது.

நான் முதலில் செய்யச் சொல்வது, எல்லா இணைப்புச் சொற்களையும் பென்சிலால் அடித்துவிட்டுப் பத்தியை வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்பதுதான். அப்படிப் படிக்கும்போது மூன்று வகையான இடங்கள் தெரியவரும். சில இடங்களில் சொல் போனது காதுக்கே தெரியாது. அங்கே அது தேவையே இல்லை. சில இடங்களில் இரண்டு வாக்கியங்களும் ஒட்டாமல் நிற்கும். அங்கே ஓர் உறவு உண்டு, ஆனால் அது எழுதப்படவில்லை. மிகச் சில இடங்களில் பொருள் தடம் மாறி, படிப்பவர் திடுக்கிட்டு நிற்பார். அங்கே மட்டுமே இணைப்புச் சொல் உண்மையில் வேலை செய்துகொண்டிருந்தது.

இம்மாணவியின் பத்தியில் இரண்டாம் வாக்கியம் முதல் வகையைச் சேர்ந்தது. "அவர்கள்" என்ற சொல்லே முந்தைய வாக்கியத்தோடு அதைப் பிணைத்துவிடுவதால் "மேலும்" வீணாகிறது. தமிழில் சுட்டுச் சொற்கள் செய்யும் இந்த வேலையை மாணவர்கள் கவனிப்பதே இல்லை. "அத்தொழிலாளர்கள்", "இந்நிலையம்", "அச்சட்டம்" என்று முன் சொன்னதைச் சுட்டித் தொடங்கும் வாக்கியம், தன்னைத் தானே முன்னதோடு சேர்த்துக்கொள்கிறது.

மூன்றாம், நான்காம் வாக்கியங்களுக்கு வந்தபோதுதான் உண்மையான சிக்கல் வெளிப்பட்டது. "மேலும்", "அதுமட்டுமல்லாமல்" இரண்டையும் அடித்தபின், அடிமைமுறை ஒழிந்தது, ஆட்கள் தேவைப்பட்டனர் என்ற இரண்டு செய்திகளும் அருகருகே நின்றன. ஒழிந்ததனால்தான் தேவைப்பட்டனர் என்று மாணவியே கண்டுகொண்டார். அது காரணகாரிய உறவு; அவரோ கூட்டல் குறி போட்டிருந்தார். காரணம் என்று எழுத முயன்றவுடன் அடுத்த கேள்வி தானாகவே எழுந்தது: அடிமைமுறை ஒழிந்தது 1835இல் என்றால், அதனால் வரவழைக்கப்பட்ட தொழிலாளர்கள் 1834இலேயே வந்தது எப்படி? "மேலும்" என்ற சொல் இந்த முரணை மூடி வைத்திருந்தது. நூலகத்தில் தேடியபின் விடை கிடைத்தது. அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் 1833இலேயே நிறைவேறிவிட்டது. மொரீசியஸில் அது நடைமுறைக்கு வந்தது 1835 பிப்ரவரியில். வரப்போவதை அறிந்த தோட்ட முதலாளிகள் முன்கூட்டியே இந்தியாவிலிருந்து ஆட்களைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். இணைப்புச் சொல்லைத் திருத்தப் போனவர் வரலாற்றைத் திருத்த நேர்ந்தது. இப்படி நடப்பதை நான் அடிக்கடி காண்கிறேன். இதைக் கட்டுரையின் அழகு சார்ந்த சிறு குறையாக நான் கருதாததற்குக் காரணமும் இதுவே.

ஐந்தாம் வாக்கியத்தின் "எனினும்" வெறும் பிழை. முன்னுள்ள வாக்கியம் ஓர் எதிர்பார்ப்பை எழுப்பி, பின்னுள்ள வாக்கியம் அதை முறிக்கும்போதுதான் "எனினும்", "இருப்பினும்", "ஆனால்" ஆகியவை பொருந்தும். முதலாளிகளுக்கு ஆட்கள் தேவைப்பட்டனர் என்று படித்தவர், கப்பலில் வந்தவர்கள் துறைமுகத்தில் இறங்க மாட்டார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ஏழாம் வாக்கியத்தின் "எனவே" அதனினும் தீங்கானது. ஆப்ரவாசி காட் என்று அழைக்கப்படுவதனால் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது என்று அது சொல்கிறது. அறிவிப்புக்கு உண்மையான காரணம், உலகின் பல பகுதிகளுக்குப் பின்னர் பரவிய ஒப்பந்தத் தொழில்முறையின் தொடக்க காலச் சான்றாக அவ்விடம் நிற்பதே. பத்தியில் அந்தக் காரணம் எங்கும் இல்லை.

கடைசி வாக்கியம் ஒன்றில்தான் முறிவு மெய்யானது. ஒப்பந்தக் கப்பல்களைப் பற்றியே படித்துக்கொண்டு வந்தவர், இங்குள்ள தமிழர்கள் அனைவரும் அவற்றில் வந்தவர்களின் வழியினர் என்று எண்ணியிருப்பார். அந்த எண்ணத்தை மறுக்கும் வாக்கியத்துக்கு முன்னறிவிப்பு வேண்டும். மாணவி இரண்டு வாரங்களில் எழுதி முடித்த வடிவம் இது:

"1833இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அச்சட்டம் மொரீசியஸில் 1835 பிப்ரவரியில் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே, கரும்புத் தோட்ட முதலாளிகள் அடிமைகளுக்கு மாற்றாக ஆட்களைத் தேடத் தொடங்கி, 1834 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை வரவழைத்தனர். அவ்வாறு வந்து சேர்ந்தவர்களைப் பதிவு செய்து தோட்டங்களுக்கு அனுப்புவதற்காக 1849இல் போர்ட் லூயிஸ் துறைமுகத்தை ஒட்டிக் குடியேற்ற நிலையம் ஒன்று அமைக்கப்பட்டது. இன்று ஆப்ரவாசி காட் எனப்படும் அந்நிலையம், ஒப்பந்தத் தொழில்முறையின் தொடக்க காலச் சான்றாக விளங்குவதால், 2006இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. ஆனால் தமிழர்களின் வருகை ஒப்பந்தக் கப்பல்களோடு தொடங்கவில்லை. பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலேயே புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்கள் இத்தீவுக்கு வந்திருந்தனர்."

இப்போது வாக்கியத் தொடக்கத்தில் நிற்கும் இணைப்புச் சொல் ஒன்றே ஒன்று. ஏனைய பிணைப்புகள் அனைத்தும் வாக்கியத்துக்குள் போய்விட்டன: "தொடங்கி", "பதிவு செய்து" என்னும் வினையெச்சங்கள், "முன்பே" என்பதன் ஏகாரம், "விளங்குவதால்" என்பதன் ஆல், "அனுப்புவதற்காக" என்பதன் ஆக. தமிழின் இயல்பு இதுதான். எச்சங்களும் உருபுகளும் இடைச்சொற்களும் வினைக்கும் பெயருக்கும் பின்னால் ஒட்டிக்கொண்டு உறவைச் சொல்லிவிடுவதால், வாக்கியத்தின் தலையில் தனிச்சொல் ஏற்ற வேண்டிய தேவை நம் மொழியில் குறைவு. கூட்டல் உறவுக்குக்கூடப் பெரும்பாலும் ஓர் உம் போதும். "மேலும், தெலுங்கர்கள் வந்தனர்" என்பதைவிடத் "தெலுங்கர்களும் வந்தனர்" என்பது சுருக்கமானது; கூட்டப்படுவது எது என்பதையும் அதுவே சரியாகக் காட்டுகிறது.

இந்த வழியிலும் ஒரு பள்ளம் உண்டு என்பதால் அதையும் சொல்லியாக வேண்டும். எச்சத்தின் சுவை தெரிந்த மாணவர்கள் எல்லாவற்றையும் எச்சமாக்கி ஒரே வாக்கியத்தில் கோத்துவிடுகிறார்கள். "செய்து" என்னும் வாய்பாட்டு வினையெச்சம் தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடிய வேண்டும் என்பது நன்னூல் சொல்லும் விதி. அதை மறந்தால், "முதலாளிகள் ஆட்களைத் தேடித் தொழிலாளர்கள் கப்பலில் ஏறினர்" என்பது போன்ற வாக்கியம் வந்துவிடும். தேடியவர் யார், ஏறியவர் யார் என்று படிப்பவர் தடுமாறுவார். வினைமுதல் மாறும் இடத்தில் "தேடியதால்", "தேடியபோது" என்று உறவைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், அல்லது முற்றுப்புள்ளி வைத்துப் புதிய வாக்கியம் தொடங்க வேண்டும். ஒரு வாக்கியத்தில் மூன்று எச்சங்களுக்கு மேல் வந்தால் நான் ஓரத்தில் கோடு போட்டுவிடுகிறேன். அது இலக்கண விதியன்று, படிப்பவரின் மூச்சைக் கருதி நானே வைத்துக்கொண்ட அளவு.

"மேலும்" என்ற சொல்லையே ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் மாணவர்களிடம் சொல்வதில்லை. ஒரு கருத்துக்கு ஒரு காரணத்தை விரிவாக, பல வாக்கியங்களில் விளக்கி முடித்தபின், அதே கருத்துக்கு முதலாவதைச் சாராத இரண்டாவது காரணத்தை எடுக்கும்போது, "மேலும்" மிகவும் பொருத்தமான சொல். அது உரிய இடத்தில்தான் நிற்கிறதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. அதன் முன்னும் பின்னும் உள்ள செய்திகளை இடம் மாற்றிப் பார்க்கலாம். இரண்டும் ஒரே கருத்தைத் தாங்கும் தனித்தனிக் காரணங்களாக இருந்தால், மாற்றியபின்னும் பொருள் கெடாது, "மேலும்" இருக்கலாம். மாற்றியதும் பொருள் குலைந்தால், அங்கே காலவரிசையோ காரணகாரியமோ மறைந்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்து எழுத வேண்டும்.

திருத்தும் ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. "மேலும்" என்ற சொல்லைச் சிவப்பு மையால் சுழித்து, "மிகுதி" என்று மட்டும் எழுதினால், மாணவர் வேறொரு சொல்லைப் போட்டுத் திருப்பித் தருவார். ஓரத்தில் "முன் வாக்கியத்துக்கும் இதற்கும் என்ன உறவு?" என்று எழுதுங்கள். காரணமா, விளைவா, எடுத்துக்காட்டா, மறுப்பா, அடுத்து நடந்ததா என்பதை முதலில் மாணவர் வாயால் சொல்லட்டும். கிரியோலில் சொன்னாலும் சரி. சொல்லிவிட்டால், அதைத் தமிழில் எழுதுவதற்கு எந்த எச்சம், எந்த உருபு வேண்டும் என்று காட்டிக்கொடுப்பது எளிது. சொல்ல முடியாமல் விழித்தால், அந்த இரண்டு வாக்கியங்களுள் ஒன்று அந்தப் பத்தியில் இருக்க வேண்டியதில்லை.